டங்ஸ்டன் மோதிரம் விரலில் மாட்டிக்கொண்டால்

கேள்வி: கல்யாணத்துக்கு டங்ஸ்டன், டைட்டானியம், ஸ்டீல் மூன்றில் ஒரு மோதிரம் வாங்கலாம் என்றிருக்கிறேன். டங்ஸ்டன் விரலில் மாட்டிக்கொண்டால் விரலைத்தான் வெட்ட வேண்டும் என்கிறார்களே, உண்மையா?

உண்மையில்லை. டங்ஸ்டனை வெட்டத்தான் முடியாது, ஆனால் உடைக்கலாம். நான் நகைப்பட்டறை வைத்திருக்கிறேன். போன வருடம் ஒரு தம்பி பைக்கிலிருந்து விழுந்து, விரல் வீங்கி நீலம் பாய்ந்த நிலையில் வந்தான். மருத்துவமனையில் மோதிரம் வெட்டும் சிறு ரம்பச் சக்கரத்தை வைத்துப் பார்த்திருக்கிறார்கள். சக்கரத்தின் பல் மழுங்கியதே தவிர மோதிரத்தில் கீறல்கூட இல்லை.

கழற்றிய மோதிரமென்றால் கையில் எடுத்ததுமே கனம் காட்டிக்கொடுத்துவிடும். ஒரே அளவு மோதிரம் டைட்டானியத்தில் இருப்பதைவிட டங்ஸ்டனில் மூன்று மடங்குக்கு மேல் கனக்கும். ஸ்டீல் இரண்டுக்கும் நடுவே. இது விரலில் இறுகியிருந்ததால், டங்ஸ்டன்தானா என்று அவனிடம் கேட்டு உறுதி செய்துகொண்டு, வைஸ் கிரிப் என்ற பூட்டிக்கொள்ளும் குறட்டை எடுத்தேன். அதன் வாய் மோதிரத்தின் வெளிப்பக்கத்தை லேசாகத் தொட்டுப் பூட்டும்படி பிடியிலுள்ள திருகைச் சரிசெய்தேன். பிறகு திறந்து, திருகைக் கால் சுற்றுக்கும் குறைவாக முடுக்கி மறுபடி பூட்டினேன். சில்லு தெறிக்கும் என்பதால் இருவரும் கண்ணாடி போட்டு, மேலே துணி மூடியிருந்தோம். நான்காவது முறை 'டிக்' என்று விரிசல் விட்டது. இடம் மாற்றிப் பிடித்து இன்னொரு முறை பூட்டியதும் துண்டுகளாக வந்துவிட்டது.

விரல் நசுங்காதா என்று அவன் அம்மா பதறினார். டங்ஸ்டன் மோதிரம் என்று விற்பது டங்ஸ்டன் கார்பைடுதான். அது வளையவே வளையாது, பீங்கான் மாதிரி நேராக உடையும். அதனால்தான் விரல் தப்புகிறது. இதையே ஸ்டீலிலோ டைட்டானியத்திலோ செய்தால் மோதிரம் நெளிந்து விரலை நசுக்கிவிடும். செய்யவே கூடாது. அவற்றை வெட்டித்தான் எடுக்க வேண்டும். ஸ்டீலுக்குச் சாதாரண கட்டரே போதும், நேரம்தான் ஆகும். கடினமான டைட்டானியத்துக்கு வைரத்தூள் தட்டு உள்ள மின் கட்டர் வேண்டும். அடியில் தகடு செருகி, சூடேறாமல் தண்ணீர் விட்டுக்கொண்டே வெட்ட வேண்டும். எளிதில் விரியாது என்பதால் எதிரெதிரே இரண்டு வெட்டு.

அளவு மாற்றுவதும் இதே குணத்தால்தான் முடிவதில்லை. தங்கத்தை வெட்டி, துண்டு வைத்துப் பற்றவைத்து விடுவேன். டங்ஸ்டன் மோதிரமோ தூளை அழுத்திச் சூளையில் இறுக்கியது. இழுத்தால் நீளாது, தட்டினால் உடையும், பற்றவைக்கும் பொடியும் ஒட்டாது. டைட்டானியம் திறந்த காற்றில் பழுக்கும்போது காற்றை உறிஞ்சி நொறுங்கும் தன்மைக்கு வந்துவிடும், அதனால் எங்கள் பற்றவைப்பு அதில் நிற்காது. சுவர் தடிமனாக இருந்தால் உள்பக்கம் கடைந்து கொஞ்சம் பெரிதாக்கலாம். சின்னதாக்க முடியாது. ஸ்டீலில் சிறிதளவு விரிக்கலாம், அதற்கும் உத்தரவாதம் தரமாட்டேன்.

நான் வாங்குவதாக இருந்தால் மெல்லிய ஸ்டீல்தான் வாங்குவேன். டங்ஸ்டனே பிடித்திருந்தால், சாயங்காலம் விரல் சற்று உப்பியிருக்கும்போது அளவெடுங்கள். அளவு சேராவிட்டால் வேறு மோதிரம் மாற்றிக் கொடுப்பதாக எழுதித் தரும் கடையில் வாங்குங்கள். உடைத்துத்தான் எடுக்க வேண்டும் என்பதை வீட்டில் எல்லோருக்கும் சொல்லிவையுங்கள்.