மெனு டிவியில் ஒட்டிக்கொண்ட கடைப் பெயர்

*அண்ணா, சுங்கை சிப்புட்டில் எங்களுக்கு ஒரு சாப்பாட்டுக்கடை. மெனு காட்ட 43 இஞ்ச் எல்இடி டிவி மாட்டி எட்டு மாதம் ஆகிறது. காலை ஆறு மணிக்குப் போட்டால் இரவு பத்துக்குத்தான் அணைப்போம். பென்டிரைவில் ஆறு படங்கள் மாறி மாறி ஓடும். போன வாரத்திலிருந்து எந்தப் படம் வந்தாலும் கடைப் பெயரும் விலைக் கோடும் நிழலாகப் பின்னால் தெரிகின்றன. Brightness-ஐப் பாதியாகக் குறைத்தும் போகவில்லை. டிவி போய்விட்டதா? - சாப்பாட்டுக்கடைக்காரர், சுங்கை சிப்புட்*

டிவி போகவில்லை தம்பி. ஆனால் நீங்கள் குறைத்தது தப்பான பட்டன் என்று நினைக்கிறேன். அந்தப் பட்டனைப் பற்றி அப்புறம் சொல்கிறேன்.

முதலில் அது என்ன நிழல் என்று உறுதி செய்துகொள்வோம். கைப்பேசியிலேயே நடுத்தரச் சாம்பல் நிறத்தில் ஒரு படம் செய்யுங்கள். சிவப்பு, பச்சை, நீலம் மூன்றும் 128 என்று வைத்தால் அந்த நிறம் வரும். அதைப் பென்டிரைவில் போட்டு, கடை சாத்தியபின் விளக்கை அணைத்துவிட்டுத் திரை முழுக்கக் காட்டுங்கள். எழுத்தின் ஓரம் வெட்டினாற்போல் தெரிந்தால் அது படத் தேக்கம், அதாவது நெடுநேரம் நின்ற படம் திரையில் ஒட்டிக்கொள்வது. வெள்ளைத் திட்டு, மஞ்சள் வட்டம், மூலையில் கறுப்பு என்று மங்கலாக இருந்தால் பின்னால் இருக்கும் விளக்குப் பட்டையில் கோளாறு. அது வேறு கதை, ரிப்பேர்காரர்தான் பார்க்க வேண்டும். சாம்பல் திரையைக் கைப்பேசியில் படம் பிடித்துத் தேதியோடு வைத்துக்கொள்ளுங்கள். இனிமேல் குணமாகிறதா என்று ஒப்பிடக் கண் நினைவு போதாது.

பெட்டியில் எல்இடி என்று போட்டிருந்தாலும் திரை எல்சிடிதான். பின்னால் வெளிச்சம் தருவது மட்டுமே எல்இடி. பின்விளக்கு இல்லாமல் ஒவ்வொரு புள்ளியும் தானே ஒளிரும் ஓஎல்இடி டிவிகள் 42, 48, 55 இஞ்ச் என்று வருகின்றன. 43 என்ற அளவைச் சொன்னதுமே உங்களுடையது எல்சிடி என்று தெரிந்துவிட்டது. உங்களுக்கு நல்ல காலம். ஓஎல்இடியில் இப்படி ஒட்டினால் அது அந்த இடம் தேய்ந்துவிட்டது என்று அர்த்தம். எல்சிடியில் பெரும்பாலும் கலைந்துவிடும்.

ஏன் கலையும்? இரண்டு கண்ணாடிகளுக்கு நடுவே திரவப் படிகம் என்ற ஒரு மெல்லிய படலம் இருக்கிறது. ஒவ்வொரு புள்ளிக்கும் மின்னழுத்தம் கொடுத்து அந்தப் படிகத்தைத் திருப்பித்தான் வெளிச்சத்தை விடுவதும் தடுப்பதும். அழுத்தம் ஒரே திசையில் இருந்தால் படிகத்தில் கலந்திருக்கும் நுண்ணிய மின்னூட்டத் துகள்கள் ஒரு பக்கமாகப் போய் அடைந்துகொள்ளும். அதைத் தடுக்கத்தான் டிவி நொடிக்குப் பல முறை திசையை மாற்றிக்கொண்டே இருக்கிறது. ஆனால் அந்த மாற்றம் நூற்றுக்கு நூறு சமமாக இருக்காது. ஒரு சிறு பாக்கி நிற்கும். ஒரே இடத்தில் ஒரே எழுத்தை மாதக்கணக்கில் நிறுத்தினால் அந்தப் பாக்கி சேர்ந்து சேர்ந்து, படம் மாறியபின்னும் அந்த இடத்துப் படிகத்தை இழுத்துப் பிடிக்கிறது. நீங்கள் பார்க்கும் நிழல் அதுதான். சூடு கூடினால் இந்தத் துகள்கள் இன்னும் வேகமாக நகரும். ஏர்கான் இல்லாத கடை, பக்கத்தில் ரொட்டிக் கல், டிவிக்குப் பின்னால் பலகை அடைப்பு என்று இருந்தால் எட்டு மாதம்கூடத் தேவையில்லை.

இப்போது பிரைட்னஸுக்கு வருவோம். பழைய மாடல்கள் பலவற்றில் Brightness என்று இருப்பது கறுப்பு எவ்வளவு கறுப்பாகத் தெரிய வேண்டும் என்பதை மட்டும் மாற்றும். வெளிச்சத்தைக் குறைப்பது Backlight என்ற வேறு வரி. சில புது மாடல்களில் Brightness-தான் உண்மையான வெளிச்சம். பெயரை நம்பாமல் வெள்ளைப் படம் ஒன்றைப் போட்டுக் குறைத்துப் பாருங்கள். வெள்ளை மங்கினால் அதுதான் சரியான பட்டன். வெள்ளை அப்படியே இருந்து கறுப்பு மட்டும் அடைத்துப்போனால் அதைப் பழைய இடத்திலேயே விட்டுவிடுங்கள்.

இன்னொன்று: புது டிவி முதல்முறை போடும்போது Home Mode-ஆ, Store Mode-ஆ என்று கேட்கும். நம்முடையது கடைதானே என்று பலர் Store Mode-ஐ அமுக்கிவிடுகிறார்கள்! அது டிவி விற்கும் கடைக்கு. வெளிச்சத்தை உச்சத்தில் வைத்திருக்கும், நீங்கள் மாற்றினாலும் சில நிமிடங்களில் பழையபடி ஏற்றிவிடும். என் மைத்துனர் துணிக்கடையில் தினமும் காலையில் வெளிச்சத்தைக் குறைப்பார், பத்து மணிக்குள் அது தானாக ஏறியிருக்கும். ரிமோட் கெட்டுவிட்டது என்று இரண்டு ரிமோட் வாங்கியபின்தான் என்னிடம் சொன்னார். Home Mode-க்கு மாற்றியதும் சரி.

சரியான பட்டனைக் குறைத்தாலும் எல்சிடியில் அது நிழலை நேரடியாகப் போக்காது. பின்விளக்கு குறைந்தாலும் படிகத்துக்குப் போகும் அழுத்தம் அதேதான். சூடு குறையும், அதனால் தேக்கம் மெதுவாகும், விளக்குப் பட்டையும் நாள்பட உழைக்கும். அவ்வளவுதான் அதன் பங்கு. நிழலுக்கு உண்மையான மருந்து உங்கள் ஆறு படங்களில் இருக்கிறது.

ஆறும் ஒரே வார்ப்பில் செய்திருப்பீர்கள்: மேலே இடப்பக்கம் கடைப் பெயர், நடுவில் கோடு, வலப்பக்கம் விலை. படம் மாறுகிறது, பெயர் மாறவில்லை. ஒரு நாளைக்கு 16 மணி நேரம், எட்டு மாதம்: 3,840 மணி நேரம் அந்தப் பெயர் அதே புள்ளிகளில் நின்றிருக்கிறது. நடுவில் தோசையும் மீ கோரெங்கும் எத்தனை முறை மாறினாலும் அந்த மூலைக்கு அது தெரியாது. சில டிவிகளில் படத்தைச் சில புள்ளிகள் நகர்த்தும் வசதி இருக்கும். உங்கள் எழுத்தின் கோடு நாற்பது புள்ளி தடிமன் என்றால் அந்த நகர்த்தல் ஓரத்தை மழுக்கும், நடுவைத் தொடவே தொடாது.

அதனால் மூன்று வார்ப்பு செய்யுங்கள். ஒன்றில் பெயர் மேலே, கரும்பச்சைப் பின்னணியில் வெளிர் எழுத்து. இன்னொன்றில் பெயர் கீழே, சந்தன நிறப் பின்னணியில் பழுப்பு எழுத்து. மூன்றாவதில் பெயரே வேண்டாம். உங்கள் கடைக்குள் உட்கார்ந்திருப்பவருக்குக் கடை பெயர் எதற்கு? விலைப் பட்டியலையும் ஒன்றில் இடமும் ஒன்றில் வலமும் வையுங்கள். அப்படிச் செய்தால் ஒரு படத்தில் எழுத்து நின்ற இடத்தில் அடுத்த படத்தில் பின்னணி வரும், அதே புள்ளி வெளிச்சமும் இருட்டுமாக மாறிக்கொண்டிருக்கும். சுத்தக் கறுப்பில் சுத்த வெள்ளை வேண்டாம். அந்த இரண்டுக்கும் இடையிலான வித்தியாசம்தான் நிழலை எடுத்துக் காட்டுவது. ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை தே தாரிக் இழுப்பதை அரை நிமிடம் திரை முழுக்க வீடியோவாகப் போடுங்கள். ஆட்கள் அதைத்தான் பார்ப்பார்கள் என்பது வேறு விஷயம்.

ஏற்கெனவே ஒட்டியிருக்கும் நிழலுக்கு: கடை சாத்தியபின் முழு வெள்ளைப் படத்தைப் பின்விளக்கு குறைவாக வைத்துப் போட்டுவிட்டு, Off Timer-ஐ நள்ளிரவு ஒரு மணிக்கு வையுங்கள். மீதி ஐந்து மணி நேரம் டிவி உண்மையாகவே அணைந்திருக்கட்டும். கறுப்புப் படத்தைப் போட்டுவிட்டுப் போவது அணைத்ததாகாது; எல்சிடியில் கறுப்புக்குப் பின்னாலும் விளக்கு எரிந்துகொண்டிருக்கும். காலையில் போட்டுக் கால் மணி நேரம் கழித்துச் சாம்பல் படத்தைக் காட்டிப் பழைய புகைப்படத்தோடு ஒப்பிடுங்கள். எட்டு மாதத்தில் சேர்ந்தது ஓர் இரவில் போகாது. கொஞ்சம் கொஞ்சமாக மங்கினால் தொடருங்கள். இரண்டு வாரத்தில் துளியும் அசையவில்லை என்றால் அந்த நிழல் நிரந்தரமாகிவிட்டிருக்கலாம். புது வார்ப்புகளின் நடுவே அதை மறைத்து ஓட்ட வேண்டியதுதான்.

சூட்டைக் குறைக்க வெளிச்சத்தை வேளைக்கு வேளை மாற்றும் அட்டவணைக்கு நம் ஊரில் ஒரு வசதி இருக்கிறது. பூமத்திய ரேகைக்குப் பக்கத்தில் இருப்பதால் சூரியன் ஏறும் நேரமும் இறங்கும் நேரமும் வருடம் முழுக்க முக்கால் மணி நேரத்துக்குள்தான் மாறும். ஒருமுறை வைத்த அட்டவணை எல்லா மாதத்துக்கும் பொருந்தும். அளவை இப்படிக் கண்டுபிடியுங்கள்: திரையில் வெள்ளைப் படம், பக்கத்தில் ஒரு வெள்ளை ஏ4 தாள். திரை தாளைவிடக் கொஞ்சம்தான் பளிச்சென்று இருக்க வேண்டும். விளக்கு மாதிரி எரிந்தால் அதிகம். காலை ஆறு, பத்து, மாலை ஐந்து, இரவு எட்டு என்று நான்கு வேளை பார்த்துப் பின்விளக்கு எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். உங்களைப் போன்ற கடையின் உட்சுவரில் இருட்டு வேளையில் நூற்றுக்கு 30, 35 போதும். பகலில் 60 தாண்டினால் ஆச்சரியம். அஞ்சடியை ஒட்டி வெயில் பட்டுக்கொண்டிருந்தால் 100 வைத்தாலும் தாளை வெல்ல முடியாது. வீட்டு டிவியில் அந்த வெளிச்சம் கிடையாது, இடத்தைத்தான் மாற்ற வேண்டும்.

கடைகளுக்கென்றே விற்கும் திரைகளில் மணிவாரியாக வெளிச்சத்தை வைக்கலாம். வீட்டு டிவி பலவற்றில் அது இல்லை, போடும் நேரமும் அணைக்கும் நேரமும்தான் இருக்கும். சுற்று வெளிச்சத்தைப் பார்த்துத் தானே ஏற்றி இறக்கும் சென்சார் இருந்தால் போட்டுப் பாருங்கள். அது டிவியின் அடிப்பக்கம் இருக்கும், சாமி படத்து மாலை தொங்கி மறைத்தால் பகலிலும் இருட்டென்று நினைத்துக்கொள்ளும். இல்லையென்றால் இரண்டு பட அமைப்புகளில் ஒன்றைப் பகலுக்கும் இன்னொன்றை இரவுக்கும் செய்து வையுங்கள். மாலையில் சாமிக்கு விளக்கு ஏற்றுபவர் ரிமோட்டில் இரண்டு பட்டன் அமுக்கிவிட்டுப் போகட்டும்.

இரவில் இடிக்குப் பயந்து மெயின் சுவிட்சை அணைப்பவரா? அப்படியென்றால் ஒரு சிக்கல். பல டிவிகளில் மின்சாரம் அறுந்தால் கடிகாரம் மறந்துபோகும். இணையம் இல்லாவிட்டால் மறுநாள் டைமர் வேலை செய்யாது, Off Timer-ஐ நம்பி வெள்ளைப் படத்தைப் போட்டுவிட்டுப் போனால் விடியவிடிய எரியும். கடை வைஃபையில் டிவியை இணைத்துவிட்டால் நேரத்தைத் தானே எடுத்துக்கொள்ளும். டிவிக்குத் தனி பிளக் கொடுத்து, இடி முழங்கும் இரவுகளில் மட்டும் பிடுங்கிவிடுங்கள்.

அடுத்த டிவி வாங்கும்போது யாராவது பழைய ஓஎல்இடியை மலிவாகத் தள்ளப் பார்த்தால் மெனுவுக்கு வாங்காதீர்கள். அதில் ஒவ்வொரு புள்ளியும் தானே ஒளிர்கிறது, ஒளிர ஒளிரத் தேய்கிறது. அங்கே வெளிச்சத்தைக் குறைப்பது நேரடி மருந்து, ஆனால் தேய்ந்தது திரும்பாது. ரிமோட்டில் அணைத்தபின் அது உள்ளுக்குள் சில நிமிடம் புள்ளிகளைச் சரிசெய்யும். கடை சாத்தும் அவசரத்தில் மெயினைத் தட்டினால் அந்த வேலை ஒருநாளும் நடக்காது.

இரண்டு வாரம் கழித்து, அந்தச் சாம்பல் திரைப் படங்கள் இரண்டையும் சேர்த்து அனுப்புங்கள், பார்க்கிறேன்.