பத்து மணிச் செய்தி இசையின் பெயரும் நாற்பதாயிரம் ரூபாய் ஒப்பந்தமும்

கேள்வி: 1978 முதல் ஐந்து வருடம் லண்டனில் வேலை பார்த்தேன். ஐ.டி.வி.யில் 'நியூஸ் அட் டென்' தொடங்கும்போது பிக் பென் மணியோசையோடு ஒரு இசை வரும். அதற்குத் தனியாகப் பெயர் உண்டா? இப்போது என் அண்ணன் மகன் ஊரில் கேபிள் செய்தி தொடங்குகிறான். ஒருவர் நாற்பதாயிரம் ரூபாய்க்கு 'முழு உரிமையும் உங்களுக்கே' என்று டைட்டில் மியூசிக் செய்து தருகிறாராம். நம்பிக் கொடுக்கலாமா?

பதில்: பெயர் உண்டு. 'தி அவேக்கனிங்'. இசையமைத்தவர் ஜானி பியர்சன். அவருடைய 'ட்வென்டியத் செஞ்சுரி போர்ட்ரெய்ட்' என்ற தொகுப்பின் ஒரு பகுதி அது. 'நியூஸ் அட் டென்' 1967 ஜூலையில் தொடங்கியபோது அதை எடுத்து முகப்பில் வைத்தார்கள்.

செய்திக்கான இசையின் பெயரில் செய்தி என்ற சொல்லே இல்லையே என்று தோன்றும். அது செய்திக்காக எழுதப்பட்டதே அல்ல, நூலக இசை. படம், விளம்பரம், தொலைக்காட்சி என்று யார் கேட்டாலும் கட்டணத்துக்குக் கொடுப்பதற்காக முன்கூட்டியே பதிவு செய்து வைத்திருக்கும் இசைக்கு அப்படிப் பெயர். அதனால்தான் 'விழிப்பு' என்ற பொருளில் பொதுவான தலைப்பு. சொல்லி எழுத வைக்கும் இசை வேறு வகை. அமெரிக்காவின் என்.பி.சி. 1985-இல் ஜான் வில்லியம்ஸிடம் செய்திகளுக்கென்றே ஒரு தொகுப்பு எழுதி வாங்கியது. அதில் இரவுச் செய்திக்குப் போன பகுதியின் பெயர் 'தி மிஷன்'. இரண்டு வகையிலும் படைப்புக்கென்று ஒரு சொந்தப் பெயர் இருப்பதைப் பாருங்கள். நாம் 'பத்து மணிச் செய்தி மியூசிக்' என்கிறோம், பதிவேட்டில் இருப்பது வேறு பெயர்.

அண்ணன் மகனுக்கும் இது உதவும். நம் ஊரில் ஒப்பந்தங்களை எடுத்துப் பார்த்தால் இசையின் பெயர் 'நியூஸ் டைட்டில்', 'ஃபைனல் 3' என்று ஃபைல் பெயராகவே இருக்கும். ஐ.பி.ஆர்.எஸ். என்ற இசை உரிமைச் சங்கத்தில் அந்தப் பெயரில் பதிந்தால் நூறு 'நியூஸ் டைட்டில்'களில் நம்முடையது எது என்று யாருக்கும் தெரியாது. எந்த இசை எத்தனை விநாடி ஒலித்தது என்று சேனல்கள் எழுதிக் கொடுக்க வேண்டிய க்யூ ஷீட்டையும் பாதிப் பேர் கொடுப்பதில்லை. கொடுத்தாலும் 'டைட்டில் மியூசிக்' என்று மட்டும் எழுதுகிறார்கள். இசையமைப்பாளருக்குப் போக வேண்டிய பணம் யாருக்கும் போகாமல் கிடக்கிறது. இத்தனை வருடமாகச் சொல்லிச் சொல்லி எனக்கு வாய்தான் வலிக்கிறது. ஆகவே வேலை தொடங்கும் நாளிலேயே வேறு எங்கும் இல்லாத ஒரு பெயரை வையுங்கள். எல்லா வடிவங்களுக்கும் அதே பெயர்தான், பின்னால் 'முகப்பு', 'முடிவு' என்று சேர்த்துக்கொள்ளலாம்.

இனி நாற்பதாயிரத்துக்கு வருவோம். தொகையைப் பற்றி எனக்குக் கவலையில்லை. 'முழு உரிமை' என்ற சொல்தான் பயமாக இருக்கிறது.

பணம் கொடுத்தவருக்கே இசை சொந்தம் என்றுதான் எல்லோரும் நினைக்கிறார்கள். சட்டம் அப்படிச் சொல்லவில்லை. இசையமைப்பாளர் உங்களிடம் சம்பளத்துக்கு இல்லாமல் வெளியாளாக இருந்தால், மெட்டின் உரிமை அவரிடமே இருக்கும். அவர் எழுதிக் கையெழுத்திட்டுக் கொடுத்தால்தான் உங்களுக்கு வரும். அந்தத் தாளில் எத்தனை வருடம் என்று குறிப்பிடாவிட்டால் ஐந்து வருடம் என்றுதான் பொருள். இடத்தைக் குறிப்பிடாவிட்டால் இந்தியாவுக்குள் மட்டும். யூடியூபில் போட்டால் சிங்கப்பூரிலும் பாரிஸிலும் பார்ப்பார்களே, அதற்கு இந்தத் தாள் போதாது. பதிப்புரிமைச் சட்டத்தின் 2012 திருத்தத்துக்குப் பிறகு, ராயல்டியில் தன் பங்கை இசையமைப்பாளர் விட்டுக்கொடுத்ததாக எழுதினாலும் செல்லாது. ஆகவே 'முழு உரிமை' என்று ஒருவர் விற்கிறார் என்றால் அவருக்குச் சட்டம் தெரியவில்லை, அல்லது உங்களுக்குத் தெரியாது என்று நினைக்கிறார்.

சில வருடங்களுக்கு முன் தெற்கே ஒரு கேபிள் செய்திக்கு ஒலிக்கலவை செய்து கொடுத்தேன். இசையை இடைத்தரகர் ஒருவர் கொண்டுவந்தார். ஒரே பக்க ஒப்பந்தம். அதில் வருடமும் இல்லை, இசையமைப்பாளரின் கையெழுத்தும் இல்லை, தரகரின் கையெழுத்து மட்டும். நான் சொன்னேன், கேட்கவில்லை. முதல் வாரமே யூடியூபில் உரிமை கோரல் வந்துவிட்டது. உள்ளே இருந்த தாளமும் வயலினும் லூப்கள், அதாவது முன்பே பதிவு செய்து யாருக்கும் விற்கிற சின்ன இசைத் துண்டுகள். அதே லூப்களை வைத்து வேறொருவர் பாட்டு செய்து முன்பே பதிந்துவிட்டார். அடுத்த மாதம் கோவில்பட்டியில் ஒரு டீக்கடையில் நின்றுகொண்டிருக்கிறேன், கடை டிவியில் இன்னொரு கேபிள் செய்தி தொடங்குகிறது. அதே நாலு சுர டிரம்பெட், கொஞ்சம் வேகம் குறைத்து! தரகர் 'உங்களுக்கு மட்டும்' என்று இரண்டு பேரிடம் விற்றிருந்தார். இரண்டா, இன்னும் அதிகமா என்பது அவருக்குத்தான் வெளிச்சம்.

இதைக் கண்டுபிடிக்க ஒரு வழி உண்டு. பணம் கொடுக்கும் முன் அவருடைய ஸ்டுடியோவுக்குப் போய், கலக்காத டிராக்குகளைக் கணினியில் திறந்து காட்டச் சொல்லுங்கள். தாளத்தை நிறுத்தச் சொல்லுங்கள், மெட்டை மட்டும் கேளுங்கள், ஒரு சுரத்தை மாற்றச் சொல்லுங்கள். தானே செய்தவர் இரண்டு நிமிடத்தில் மாற்றிக் காட்டுவார். தரகரிடம் முடிந்த ஃபைல் ஒன்றுதான் இருக்கும், 'அது வேறு ஊரில் இருக்கிறது' என்பார்.

பழைய கீர்த்தனையை வைத்துக்கொண்டால் இந்தத் தொல்லை இல்லையே என்று கேட்பீர்கள். இதை மட்டும் நிதானமாகச் சொல்கிறேன், எல்லோரும் இங்கேதான் வழுக்குகிறார்கள். இசையமைப்பாளர் இறந்து அறுபது வருடம் கடந்தால் மெட்டு பொதுச் சொத்து. என்.பி.சி.யின் 'ஹன்ட்லி–பிரிங்க்லி ரிப்போர்ட்' என்ற செய்தி நிகழ்ச்சி பீத்தோவனின் ஒன்பதாவது சிம்பொனியின் இரண்டாம் பகுதியைத்தான் முடிவில் ஒலித்தது. தியாகராஜர் கீர்த்தனைக்கும் தடையில்லை. ராகம் யாருக்கும் சொந்தமில்லை. ஆனால் அந்தக் கீர்த்தனையை ஒருவர் வாசித்துப் பதிவு செய்த ஒலித்தட்டு தனிச் சொத்து. அதற்கு வெளியான வருடத்திலிருந்து தனியாக அறுபது வருடக் கணக்கு. 1995-இல் வந்த கேசட்டிலிருந்து வீணையை வெட்டி ஒட்டினால், மெட்டு தியாகராஜருடையது என்று சொல்லித் தப்பிக்க முடியாது. நீங்களே ஒரு வீணைக் கலைஞரை வரவழைத்து, பணம் கொடுத்து, எழுதி வாங்கிப் புதிதாகப் பதிவு செய்தால் சரி.

'தி அவேக்கனிங்'கையே போட்டுக்கொள்ளலாமா என்று அண்ணன் மகன் கேட்டால் கூடாது என்று சொல்லுங்கள். ஜானி பியர்சன் 2011-இல்தான் காலமானார்.

அப்புறம், வாங்குவது ஒரு மெட்டு மட்டும் அல்ல. இருபது விநாடி முகப்பு வேண்டும். தலைப்புச் செய்தி வாசிக்கும்போது பின்னால் ஓடும் 'பெட்' வேண்டும். அதில் மெட்டே இருக்கக் கூடாது, இருந்தால் வாசிப்பவர் குரலோடு சண்டை போடும். இடைவேளைக்கு நாலு விநாடித் துண்டும், முடிவுக்கு அரை நிமிடமும் வேண்டும். தாளமில்லாத மெதுவான வடிவம் ஒன்றையும் கட்டாயம் கேட்டு வாங்குங்கள். முதல் பெரிய விபத்துச் செய்தி வரும் நாளில்தான் அது இல்லாதது தெரியும். அன்று துள்ளும் முரசோடு சாவுச் செய்தியைத் தொடங்கினால் ஊரே திட்டும்.

இவ்வளவும் ஒரு தாளில் வரட்டும். இசையின் பெயர், வடிவங்கள், எத்தனை வருடம், உலகம் முழுவதுமா, இணையமும் சேர்த்தா, வேறு செய்திக்குத் தர மாட்டேன் என்ற உறுதி, லூப் பயன்படுத்தியிருந்தால் எது என்ற விவரம். கீழே இசையமைப்பாளரின் கையெழுத்து, தரகருடையது அல்ல. கிராபிக்ஸ்காரர் 'பேக்கேஜில் மியூசிக்கும் சேர்த்துத் தருகிறேன்' என்றாலும் இதே தாள்தான். இதில் கையெழுத்துப் போட மறுக்கிறார் என்றால் அண்ணன் மகன் முன்பணம்கூடக் கொடுக்க வேண்டாம்.