எம்டன் குண்டும் மூன்று வினைச்சொற்களும்

கேள்வி: குரூப் 1 முதன்மைத் தேர்வுக்குப் படித்துக்கொண்டிருக்கிறேன். வரலாற்றுத் தாளில் ‘விவரி’, ‘விளக்குக’, ‘மதிப்பிடுக’ என்று மூன்று விதமாகக் கேட்கிறார்கள். எனக்கு மூன்றும் ஒன்றுபோலவே தெரிகிறது. மாதிரித் தேர்வில் தெரிந்ததையெல்லாம் எழுதியும் பாதி மதிப்பெண்தான் கிடைக்கிறது. எப்படிப் பிரித்துப் பார்ப்பது?

தெரிந்ததையெல்லாம் எழுதியதால்தான் பாதி மதிப்பெண். தண்டையார்பேட்டையில் ஒரு மொட்டை மாடியில் பல ஆண்டுகளாக மாலை வகுப்பு எடுக்கிறேன். அங்கே திருத்தும் தாள்களிலும் இதே கதைதான்: தகவல் சரியாக இருக்கும், ஆனால் அது எதற்காக அங்கே வந்தது என்பது எழுதியவருக்கே தெரிந்திருக்காது.

நான் இதற்கு எப்போதும் எம்டன் கதையைத்தான் எடுப்பேன். காசிமேட்டிலிருந்து வரும் ஒரு பையனிடம், “எம்டன் என்றால் என்ன?” என்று கேட்டேன். “என் ஆயா என்னைத் திட்டும் வார்த்தை சார்” என்றான். அவன் சொன்னதும் சரிதான். அந்த வார்த்தை வந்த வழி அவன் வீட்டிலிருந்து நடந்து போகும் தூரத்தில் இருக்கிறது.

நடந்தது இது. 1914 செப்டம்பர் 22, இரவு 9.30 மணியளவில் ஜெர்மானியப் போர்க்கப்பலான எம்டன் சென்னைத் துறைமுகத்துக்கு எதிரே வந்து நின்றது. தேடுவிளக்கைப் போட்டு பர்மா ஆயில் கம்பெனியின் எண்ணெய்த் தொட்டிகளைக் கண்டுபிடித்தது. சுமார் அரை மணி நேரத்தில் நூற்றுக்கும் மேற்பட்ட குண்டுகளைச் சுட்டது. தொட்டிகள் பற்றி எரிந்தன. சிலர் இறந்தார்கள். கரையிலிருந்த பீரங்கிகள் பதிலுக்குச் சுட்டும் ஒரு குண்டுகூடப் படாமல் கப்பல் இருட்டில் மறைந்துவிட்டது. அடுத்த நாட்களில் ஆயிரக்கணக்கானோர் ஊரைவிட்டு வெளியேறினார்கள்.

‘எம்டன் தாக்குதலை விவரி’ என்றால் மேலே உள்ள பத்தியை விரித்து எழுதினால் போதும். எப்போது, எங்கே, யார், எந்த வரிசையில், கடைசியில் என்ன ஆனது, அவ்வளவுதான். இங்கே உங்கள் வேலை, படிப்பவர் கண்முன் காட்சியை வைப்பது. காலவரிசை குழம்பினாலும், முக்கியமான ஒரு கட்டம் விடுபட்டாலும் மதிப்பெண் குறையும். உங்கள் கருத்தை யாரும் கேட்கவில்லை.

‘எம்டன் சென்னையைத் தாக்க முடிந்ததற்கான காரணங்களை விளக்குக’ என்று வரட்டும். இங்கேதான் பெரும்பாலானோர் சறுக்குகிறார்கள். அந்தக் காசிமேட்டுப் பையன் முதலில் இப்படி எழுதினான்: “ஊரில் விளக்குகள் எரிந்தன. எம்டன் தனியாக வந்தது. அதற்குப் போலிப் புகைபோக்கி இருந்தது.” மூன்றும் உண்மை. ஆனால் மூன்றும் தனித்தனியாக நிற்கின்றன. விளக்கு எரிந்தது என்று எழுதினால் அது விவரிப்பு. விளக்கு எரிந்ததால் கடலில் நின்றவனுக்குக் கரை எங்கே என்று தெரிந்தது என்று எழுதினால்தான் அது விளக்கம். (இந்தச் சிலேடையை வகுப்பில் சொன்னால் ஒருவரும் சிரிப்பதில்லை, ஆனால் தேர்வில் மறப்பதுமில்லை.)

அவனைத் திருப்பி எழுதச் சொன்னேன். வந்தது இது: “ஜெர்மானியக் கிழக்காசியக் கடற்படைப் பிரிவு எம்டனை மட்டும் இந்தியப் பெருங்கடலுக்குத் தனியே அனுப்பியது. ஒற்றைக் கப்பல் என்பதால் பரந்த கடலில் அதைத் தேடிப் பிடிப்பது கடினமாக இருந்தது. கூடுதலாக ஒரு போலிப் புகைபோக்கியைப் பொருத்திக்கொண்டதால், தூரத்திலிருந்து பார்ப்பவருக்கு அது பிரிட்டிஷ் கப்பல்போலத் தெரிந்தது. போர் தொடங்கி ஏழு வாரங்கள் ஆகியும் சென்னையில் விளக்குகள் வழக்கம்போல் எரிந்துகொண்டிருந்தன. எனவே இரவிலும் துறைமுகத்தை நெருங்குவது எளிதாயிற்று.” தகவல்கள் பழையவைதான். இடையில் வந்த ‘என்பதால்’, ‘எனவே’தான் புதியவை.

இதைச் சோதிக்க ஒரு வழி உண்டு. உங்கள் விடையின் வாக்கியங்களை இடம் மாற்றிப் பாருங்கள். மாற்றிய பிறகும் பொருள் கெடாமல் இருந்தால் நீங்கள் எழுதியது பட்டியல். விளக்கத்தில் ஒரு வாக்கியத்தை உருவினால் அடுத்தது தள்ளாட வேண்டும். அதற்காக ‘எனவே’யை வெறுமனே ஒட்டவைத்து ஏமாற்றவும் முடியாது. “எம்டன் 1914இல் வந்தது. எனவே தொட்டிகள் எரிந்தன” என்பதில் சொல் இருக்கிறது, காரணம் இல்லை.

அடுத்தது, ‘எம்டன் தாக்குதல் பிரிட்டிஷ் ஆட்சிக்கு ஏற்படுத்திய பாதிப்பை மதிப்பிடுக.’ இதற்குப் பெரும்பாலும் வரும் விடை, பாதிப்புகளை வரிசையாகச் சொல்லிவிட்டு, கடைசியில் “ஆகவே பாதிப்பு இருந்தது, இல்லாமலும் இருந்தது” என்று முடிப்பது. தீர்ப்புச் சொல்ல வேண்டிய இடத்தில் நாட்டாமை எழுந்து வீட்டுக்குப் போய்விட்டதுபோல இருக்கும்.

மதிப்பிடுவதற்கு முதலில் அளவுகோல் வேண்டும். எதை வைத்து அளக்கிறோம் என்பதை நீங்களே தேர்ந்து, விடையின் தொடக்கத்திலேயே சொல்லிவிட வேண்டும். பொருள் இழப்பு என்று அளந்தால், எரிந்தது எண்ணெயும் சில தொட்டிகளும். துறைமுகம் அழியவில்லை. போர்த்திறன் என்று அளந்தாலும் அதிகமில்லை. அதே ஆண்டு நவம்பர் 9இல் கோகோஸ் தீவுகளுக்கு அருகே ஆஸ்திரேலியப் போர்க்கப்பல் சிட்னி, எம்டனை முடித்துவிட்டது. கௌரவம் என்று அளந்தால் மட்டும் கணக்கு மாறுகிறது. கடல் தங்கள் கையில் இருக்கிறது என்று சொல்லிக்கொண்டிருந்த அரசின் வாசலிலேயே ஓர் எதிரிக் கப்பல் வந்து நெருப்பு வைத்துவிட்டுக் கீறல்கூட இல்லாமல் திரும்பியது. கப்பல் தலைவன் முல்லரின் நோக்கமே அதுதான்: ஆங்கிலேயரின் மதிப்பைக் குறைப்பது, வணிகத்தைக் குலைப்பது.

இனி தீர்ப்பு. “பொருளளவில் சிறிய அடி, கௌரவத்தில் பெரிய அடி. ஆனால் அதுவும் குறுகிய காலத்துக்கே. ஏனெனில் மக்கள் பயந்து ஊரைவிட்டுப் போனார்களே தவிர, ஆட்சிக்கு எதிராகத் திரளவில்லை” என்று நான் எழுதுவேன். நீங்கள் வேறு தீர்ப்பு எழுதலாம். உங்கள் அளவுகோலுக்கும் சான்றுக்கும் அது பொருந்தினால் போதும்.

இப்போது ஒரே ஒரு தகவலை மட்டும் கவனியுங்கள்: மக்கள் ஊரைவிட்டு ஓடியது. முதல் விடையில் அது கதையின் கடைசிக் கட்டம். இரண்டாவதில் அதற்கு வேலையே இல்லை, ஏனெனில் ஓட்டம் தாக்குதலின் விளைவு, கேட்டிருப்பதோ காரணம். அங்கே அதை எழுதினால் இடம்தான் வீண். மூன்றாவதில் அதுவே இரண்டு பக்கமும் வெட்டும் சான்று. கௌரவம் சரிந்ததையும் அது காட்டுகிறது, எதிர்ப்பு எழவில்லை என்பதையும் காட்டுகிறது.

ஒரு எச்சரிக்கை. நம் வினாத்தாள்களில் ‘விளக்குக’ என்ற சொல்லை எல்லாவற்றுக்கும் போட்டுவைக்கும் பழக்கம் உண்டு. ‘போரின் போக்கை விளக்குக’ என்றால் உண்மையில் விவரிக்கத்தான் சொல்கிறார்கள். அதனால் வினைச்சொல்லை மட்டும் பார்க்காமல் அதற்கு முன்னால் நிற்கும் பெயர்ச்சொல்லையும் சேர்த்து அடிக்கோடிடுங்கள். ‘போக்கு’, ‘நிகழ்வுகள்’ என்றால் வரிசை. ‘காரணங்கள்’ என்றால் ‘எனவே’. ‘பங்கு’, ‘முக்கியத்துவம்’, ‘எந்த அளவுக்கு’ என்று வந்தால், மேலே என்ன வினைச்சொல் போட்டிருந்தாலும் அளவுகோலை எடுத்துவிடுங்கள். காசிமேட்டுப் பையன் இப்போது வினாத்தாள் கைக்கு வந்ததும் முதலில் பென்சிலைத்தான் தேடுகிறான்.