காஸ் குக்கர் கண்ணாடி வெடித்தது ஏன்? கேள்விகளும் என் பதில்களும்

கொக்குவிலில் இருபது வருடங்களுக்கு மேலாகக் காஸ் குக்கர் திருத்துகிறேன். கண்ணாடி வெடித்த வீடுகளில் இருந்து வந்த கேள்விகளை மட்டும் இங்கே எடுத்துக்கொண்டேன். ஒரே கேள்வி இரண்டு தடவை வந்திருந்தால் ஒன்றுக்குத்தான் பதில்.

மானிப்பாய்: அண்ணை, ஞாயிற்றுக்கிழமை பெரிய பானையில் கூழ் காய்ச்சினோம். அடுப்பை நிறுத்தி, ரெகுலேற்றரையும் பூட்டிவிட்டு முற்றத்தில் இருந்து குடித்துக்கொண்டிருந்தோம். அரை மணித்தியாலம் கழித்துக் குசினிக்குள் படார் என்று சத்தம். நெருப்பே இல்லாமல் எப்படி வெடிக்கும்?

நெருப்பு நின்ற பிறகு வெடிப்பது நீங்கள் நினைக்கிற அளவுக்கு அபூர்வம் இல்லை அக்கா. குக்கரின் மேல் இருப்பது ரெம்பர் கண்ணாடி. அதை 600 பாகைக்கு மேல் சூடாக்கி, இரண்டு பக்கமும் காற்றடித்துச் சட்டென்று ஆற வைப்பார்கள். வெளித்தோல் முதலில் இறுகிவிடும். உள்ளே இருப்பது பிறகு ஆறிச் சுருங்கப் பார்க்கும், இறுகின தோல் விடாது. அதனால் அந்தக் கண்ணாடியின் தோல் எந்நேரமும் நெருக்குப்பட்டும், நடுப்பகுதி எந்நேரமும் இழுபட்டும் இருக்கும். அதன் பலமும் அதுதான், ஆபத்தும் அதுதான். ஒரு கீறல் தோலைத் தாண்டி நடுவைத் தொட்டால் உள்ளே பூட்டிக் கிடந்த இழுவை முழுவதும் ஒரே நொடியில் அவிழ்ந்துவிடும். காஸ் வெடித்தது மாதிரிச் சத்தம் கேட்கும், ஆனால் வெடித்தது கண்ணாடி மட்டும்தான்.

உங்கள் படங்களைப் பார்த்தேன். அளவுநாடா வைத்து எடுத்தது நல்ல வேலை. பானையின் அடி 38 சென்ரிமீற்றர், கீழே உள்ள இரும்புத் தாங்கியின் கால்கள் 22 தான். ஆகவே சுற்றிவர 8 சென்ரிமீற்றர் பானை கண்ணாடிக்கு மேலே கூரை மாதிரி நின்றிருக்கிறது. மேலே போகவேண்டிய சூடு அந்தக் கூரையில் பட்டுக் கண்ணாடியில் இறங்கும். கூழ் பத்து நிமிட வேலையும் இல்லை. நடுக்கண்ணாடி சூடேறி விரிய, யன்னல் பக்கத்து விளிம்பு குளிர்ந்தபடி இருந்து இழுபடும். நீங்கள் நெருப்பை நிறுத்தினாலும் பானை இறக்கப்படவில்லை. நடு சூடாகவே கிடக்க, விளிம்பு இன்னும் ஆறியிருக்கும்.

இது மட்டும் நல்ல கண்ணாடியை உடைக்காது. இரண்டாவது படத்தில் தட்டுக்குள் சிதறாமல் கிடக்கிற துண்டுகளைப் பாருங்கள். கோடுகள் எல்லாம் விசிறி மாதிரி ஒரு இடத்தில் இருந்து புறப்படுகின்றன, அது பின்பக்க இடது மூலை. வீடு மாறும்போது குக்கரை லான்ட்மாஸ்ரரில் ஏற்றினதாக எழுதியிருந்தீர்கள். அந்த மூலை அன்றைக்கு எதிலாவது இடிபட்டிருக்கும் என்பது என் ஊகம். ரெம்பர் கண்ணாடியின் முகத்தில் பானை விழுந்தாலும் தாங்கும், விளிம்பில் ஒரு அரிசி அளவு சில்லு போனால் போதும். அது மாதக்கணக்கில் சும்மா இருந்துவிட்டு ஒரு நாள் போகும்.

பருத்தித்துறை, ஓய்வுபெற்ற ஆசிரியர்: இதற்கெல்லாம் காரணம் கண்ணாடிக்குள் இருக்கும் நிக்கல் சல்பைட் துகள். தொழிற்சாலையின் பிழை. பானையைக் குறை சொல்லி மக்களை ஏமாற்ற வேண்டாம்.

ஐயா, அந்தத் துகள் இருப்பது உண்மை. கண்ணாடியோடு சிக்கி, காலப்போக்கில் தன் உருமாறி, கொஞ்சம் பருத்து, உள்ளிருந்தே உடைக்கும். ஆனால் அதற்கு ஒரு அடையாளம் இருக்கிறது. உடைவு விளிம்பில் தொடங்காது, உள்ளே எங்காவது தொடங்கும். அந்த இடத்தில் மற்றவற்றை விடப் பெரிய இரண்டு துண்டுகள் வண்ணத்துப்பூச்சியின் செட்டைகள் மாதிரி ஒட்டிக்கொண்டு கிடக்கும். என் வேலைக்காலத்தில் இரண்டு தடவை அப்படிக் கண்டு சந்தேகப்பட்டேன். துகளை நுண்ணோக்கியில் பார்க்காமல் அதுதான் என்று சொல்ல நான் தயாரில்லை. மானிப்பாய் அக்காவின் படத்தில் செட்டை இல்லை.

சுன்னாகம்: எங்கட வீட்டில் சின்னச் சட்டியில் பருப்பு வேகும்போதே வெடித்தது. பானையும் பெரிதில்லை, எங்கும் இடிபடவும் இல்லை.

உங்கள் குக்கரைக் கடைக்குக் கொண்டுவந்தபோது நான் கண்ணாடியைப் பார்க்கவில்லை தம்பி, அது எப்படியும் போய்விட்டது. பேர்னரைக் கழற்றி அடியில் உள்ள குழாயைத்தான் பார்த்தேன். குழாயின் வாய் கறுத்து, அதைத் தாண்டி இரும்பு நீலமும் மண்ணிறமுமாக நிறம் மாறிக் கிடந்தது. நெருப்பு மேலே எரியாமல் கீழே, பித்தளை ஜெற்றின் வாயிலேயே எரிந்திருக்கிறது. அங்கே எரிந்தால் கண்ணாடியின் வயிற்றில் நேரே சுடும்.

இதை முன்கூட்டியே பிடிக்கலாம். பற்றவைக்கும்போதோ நெருப்பைக் குறைக்கும்போதோ "பப்" என்று ஒரு சத்தம் கேட்டு, அதன் பிறகு மேலே சுவாலை சின்னதாகி, அடியில் இரைச்சல் வந்தால் நெருப்பு உள்ளே இறங்கிவிட்டது என்று அர்த்தம். உடனே நொப்பைப் பூட்டுங்கள். ஆறினபிறகு பேர்னர் மூடியைப் பாருங்கள். கழுவிவிட்டு மூடியைச் சரியாகக் குந்த வைக்காததுதான் நான் அதிகம் கண்ட காரணம். ஜெற்றில் அழுக்கு, குழாய்க்குள் சிலந்திக் கூடு, காற்று விடுகிற துவாரத்தை யாரோ அளவுக்கு மிஞ்சித் திறந்துவிட்டது, இவையும் உண்டு. உங்களுடையதில் கூடுதான் இருந்தது. கொஞ்ச நாள் பாவிக்காமல் கிடந்த பக்கத்துப் பேர்னர் என்று நீங்களே சொன்னீர்கள்.

நல்லூர்: சூடான கண்ணாடியில் ஈரத்துணி பட்டால்தான் உடையும் என்று அம்மா சொல்கிறார். அது தவிர வேறு காரணம் இல்லையாம்.

அம்மா பாதி சரி. சாதாரணக் கண்ணாடி என்றால் அது போதும். ரெம்பர் கண்ணாடி ஏறக்குறைய 200 பாகை வித்தியாசத்தைத் தாங்கும் என்று சொல்லித்தான் விற்கிறார்கள், ஆகவே சோறு பொங்கி வழிந்த தண்ணீர் மட்டும் நல்ல கண்ணாடியை உடைக்காது. விளிம்பில் சில்லுப் போன கண்ணாடி என்றால் அந்தத் துணி கடைசித் தட்டாக இருக்கலாம். அம்மா சொன்னபடியே ஆறவிட்டுத் துடையுங்கள், நட்டமில்லை.

சாவகச்சேரி: இப்போதுதான் உடைந்தது! நிலம் முழுக்கத் துண்டுகள். என்ன செய்ய? பிள்ளைகள் வீட்டில்.

முதலில் பிள்ளைகளை வெளியே அனுப்புங்கள். செருப்போடு சிலிண்டருக்குப் போய் ரெகுலேற்றரைப் பூட்டுங்கள். குக்கரின் நொப்பில் கை வைக்க வேண்டாம், அதைச் சுற்றித்தான் துண்டுகள் கிடக்கும். காஸ் மணந்தால் லைற் சுவிச்சைப் போடவும் வேண்டாம், நிறுத்தவும் வேண்டாம். காஸ் காற்றை விடப் பாரம், நிலத்தோடுதான் கிடக்கும். கதவைத் திறந்துவிட்டு வெளியே நில்லுங்கள்.

மணம் இல்லை என்றாலும் அரை மணித்தியாலம் தொட வேண்டாம். துண்டுகள் கொஞ்ச நேரம் பொரிந்துகொண்டே இருக்கும், அடியில் கிடக்கும் இரும்பும் சுடும். அந்த நேரத்தில் படம் எடுத்து வையுங்கள், கூட்டினபிறகு எடுத்துப் பயனில்லை.

திறந்திருந்த சாப்பாடு எல்லாம் கொட்டத்தான் வேண்டும். கறிச்சட்டி, தேங்காய்ப்பூ, மூடாத தண்ணீர்க் குடம், எதுவும் மிஞ்சாது. வடித்துப் பார்ப்போம் என்று நினைக்க வேண்டாம், கண்ணுக்குத் தெரியாத சில்லு வடிகட்டியில் நிற்காது. பெரிய துண்டுகளைத் தடித்த கையுறையோடு பெட்டியில் போடுங்கள். தும்புத்தடியால் கூட்டினால் சில்லுகள் தும்புக்குள் புகுந்து நாளைக்கு வேறு அறைக்குப் போகும். நனைத்த பேப்பரால் ஒற்றி எடுங்கள். கடைசியில் கோதுமை மாவைக் கொஞ்சம் இறுக்கமாகப் பிசைந்து நிலத்தில் ஒற்றினால் மிஞ்சினது ஒட்டிக்கொள்ளும்.

பேர்னர் அப்படியே நிற்கிறதே, இரவுக்குப் புட்டு அவிப்போம் என்று மட்டும் பற்றவைக்காதீர்கள். ஜெற்றிலும் குழாய்க்குள்ளும் சில்லு இருக்கலாம், ரப்பர் ஹோஸ் வெட்டுப்பட்டிருக்கலாம்.

வேலணை: எங்கள் மின்சார அடுப்பின் கறுப்புக் கண்ணாடியில் கோடு விழுந்திருக்கிறது. அதுவும் வெடிக்குமா?

அது வேறு ரகக் கண்ணாடி, என் தொழிலும் இல்லை. வெடிக்கிறதை விட, கோட்டுக்குள் தண்ணீர் இறங்கி மின்சாரம் தாக்குவதுதான் பயம். பிளக்கைக் கழற்றி, மின் வேலை தெரிந்தவரிடம் காட்டுங்கள்.

திருநெல்வேலி: 2021 இன் கடைசியில் நாடு முழுக்கக் குக்கர்கள் வெடித்தன. அது காஸ் கலவையால் என்றார்கள். இப்போதும் அதுதானா?

அந்த நவம்பர், டிசம்பரில் என் கடைக்கும் வந்தன. கலவையில் புரோப்பேன் கூடினால் சிலிண்டருக்குள் அழுத்தம் கூடும். நம்முடைய வெயிலில் தனிப் புரோப்பேனின் அழுத்தம் பியூட்டேனுடையதை விட மூன்று மடங்குக்கும் மேல். நல்ல ரெகுலேற்றர் அதைச் சமாளித்துக் குக்கருக்கு ஒரே அழுத்தத்தைத்தான் விடும். பழைய ரெகுலேற்றர், வெடிப்பு விழுந்த ஹோஸ், தளர்ந்த கிளிப் இருந்த இடங்களில் கசிந்திருக்கும். கசிந்த காஸ் பற்றினதையும் கண்ணாடி தானே உடைந்ததையும் அப்போது ஒரே மூட்டையாகக் கட்டிவிட்டார்கள் என்பது என் எண்ணம். எது எத்தனை என்று பிரித்துச் சொல்ல என்னால் முடியாது, என்னோடு வேலை செய்கிற தம்பி இன்னமும் எல்லாம் கலவைதான் என்று நிற்கிறான்.

அரியாலை: என்னுடைய கண்ணாடியில் ஒரே ஒரு கோடுதான். ஒட்டுநாடா போட்டுப் பாவிக்கலாமா? இல்லாவிட்டால் கண்ணாடிக் கடையில் அதே அளவில் வெட்டித் தருகிறார்களாம்.

முழு ரெம்பர் கண்ணாடியில் ஒரே ஒரு கோடு நிற்காது, விழுந்த நொடியே முழுவதும் பொடியாகும். விரல் நகத்தால் தடவிப் பாருங்கள். நகம் தடுக்கவில்லை என்றால் அது வெறும் மேல்கீறலாக இருக்கலாம். தடுத்து, விளிம்பு வரை போகிறது என்றால் உங்களுக்கு விற்றது சரியான ரெம்பர் இல்லை. எப்படியும் ஒட்டுநாடா வேண்டாம்.

கடையில் வெட்டித் தருவது சாதாரணக் கண்ணாடி. ரெம்பர் செய்த பிறகு வெட்டவோ துளை போடவோ முடியாது, துளையெல்லாம் போட்டுத்தான் சூளைக்குள் வைப்பார்கள். சாதாரணக் கண்ணாடி பொடியாகாது, கத்தி மாதிரி நீளமாக உடையும். அதே மாதிரியின் அசல் கண்ணாடி கிடைத்தால் போடலாம். கிடைக்காவிட்டால் நான் எவர்சில்வர் தகடு வெட்டிப் போடுகிறேன். பேர்னர் முன்பு நின்ற உயரத்திலேயே நிற்க வேண்டும், தாழ்ந்தால் சுவாலை கெடும். அழகு குறையும், மினுக்குவதும் கரைச்சல்தான். என் வீட்டிலும் தகடுதான்.

கோண்டாவில்: வாங்கி ஏழு மாதம். கண்ணாடிக்கு உத்தரவாதம் இல்லை என்று கடையில் கையை விரித்துவிட்டார்கள்.

உத்தரவாத அட்டையில் கண்ணாடியை விலக்கி எழுதியிருப்பது வழமை, ஆகவே முதலில் அதை வாசியுங்கள். அப்படி எழுதியில்லை என்றால் பற்றுச்சீட்டு, உடைந்த அன்றைய படம், ஒரு பையில் துண்டுகள் மூன்றையும் வைத்துக்கொண்டு எழுத்தில் கேளுங்கள். நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபையின் இலக்கம் 1977. துண்டுகளை ஏற்கெனவே எறிந்துவிட்டீர்கள் என்று எழுதியிருக்கிறீர்கள், அதுதான் இடிக்கிறது. குக்கரின் அடித்தட்டுக்குள் இன்னும் கொஞ்சம் கிடக்கும், கழற்றிப் பாருங்கள்.