படங்கு விளம்பரத்தில் விழுந்த ‘தவறான தகவல்’ முத்திரை

கேள்வி: அக்கா, கிளிநொச்சியில் விவசாயப் பொருட்கள் விற்கும் கடை வைத்திருக்கிறேன். காலபோக நெல்லுக்குப் படங்கு விற்க, இரணைமடு வான்கதவுகள் திறந்திருக்கும் 2018 வெள்ளப் படம் ஒன்றைக் கடையின் பேஸ்புக் பக்கத்தில் போட்டேன். அதன் மேல் ‘False information’ என்று வந்துவிட்டது. பூஸ்டும் நிராகரிக்கப்பட்டது. பதிவின் கடைசி வரியில் ‘படம்: 2018 மார்கழி’ என்று எழுதித்தான் இருந்தேன். பதினையாயிரம் ரூபாய் தந்தால் முத்திரையை எடுத்துத் தருவதாக ஒருவர் மெசஞ்சரில் சொல்கிறார். கொடுக்கலாமா? பதிவை அழித்துவிடவா?

பதில்: தம்பி, காசு கொடுக்காதீர்கள். பதிவை அழிக்கவும் வேண்டாம்.

முத்திரைக்குக் காரணமான மதிப்பீட்டைச் செய்தது பேஸ்புக் நிறுவனம் அல்ல. பேஸ்புக்கின் தாய் நிறுவனமான மெட்டாவோடு ஒப்பந்தம் செய்துள்ள சுயாதீன உண்மைச் சரிபார்ப்பு நிறுவனங்களே அதைச் செய்கின்றன. இலங்கைக்கு ஏஎஃப்பியும் ஃபேக்ட் கிரசெண்டோவும் இந்த வேலையைச் செய்கின்றன, பின்னதற்குத் தமிழ்த் தளமும் உண்டு. 2025 ஜனவரியில் மெட்டா இதைக் கைவிட்டுவிட்டது என்று சிலர் சொல்வார்கள். அந்த அறிவிப்பு அமெரிக்காவுக்கானது. மதிப்பீட்டை மாற்றும் அதிகாரம் அதைச் செய்த சரிபார்ப்பு நிறுவனத்துக்கு மட்டும்தான் உண்டு, அதற்கு அவர்கள் காசு கேட்பதில்லை. மெசஞ்சரில் வந்தவர் அடுத்து உங்கள் பக்கத்தின் அட்மின் உரிமையைக் கேட்பார். அதைக் கொடுத்தால் பக்கமே கைமாறிவிடும்.

அழிப்பதால் வரும் கேடு வேறு. மதிப்பீடு விழுந்ததும் பக்கத்தின் பெயரில் ஒரு குற்றப்புள்ளி பதிவாகிறது. பதிவை அழித்தாலும் அது போகாது. அத்தோடு, திருத்தியோ மறுத்தோ வாதாட உங்கள் கையில் இருந்த ஆதாரமும் போய்விடும்.

இப்போது முத்திரையில் உள்ள ‘See why’ என்பதை அழுத்துங்கள். சரிபார்ப்புக் கட்டுரை திறக்கும். அது எந்தக் கூற்றைச் சரிபார்த்தது என்று பாருங்கள். உங்கள் விஷயத்தில் பெரும்பாலும் இப்படி இருக்கும்: யாரோ ஒருவர் அதே படத்தைப் போட்டு ‘இன்று இரணைமடு திறந்துவிட்டார்கள்’ என்று எழுதியிருப்பார். அது பழைய படம் என்று கட்டுரை நிறுவியிருக்கும். அதன்பின் அதே படம் உள்ள மற்றப் பதிவுகளை மெட்டாவின் கணினி தானாகத் தேடி, அவற்றுக்கும் அதே முத்திரையைப் போடும். படம் ஒன்றுதானா என்பதைக் கணினி நன்றாகவே கண்டுபிடிக்கும். கீழே என்ன எழுதியிருக்கிறது என்பதில்தான் பிசகும்.

உங்களுக்கு அநியாயம் நடந்திருந்தாலும் சரிபார்த்தவர்கள் மேல் கோபப்படாதீர்கள். கதவு திறந்தது என்று ஒரு படம் பரவினால் பன்னங்கண்டியிலும் கண்டாவளையிலும் சனம் பிள்ளைகளையும் மாடுகளையும் கொண்டு மேட்டுக்கு ஓட வேண்டிவரும். அந்தப் பொய்யைத் தடுக்கத்தான் வேண்டும்.

இனி உங்களுக்கு இரண்டு வழிகள். பதிவில் பிழை இருந்தால் அதைத் திருத்தி, திருத்தியதைப் பதிவிலேயே வெளிப்படையாகச் சொல்லி, நிறுவனத்துக்கு அறிவிப்பது ஒன்று. பிழையே இல்லை, மதிப்பீடுதான் பொருந்தவில்லை என்று மறுப்பது மற்றது. நீங்கள் ஆண்டை எழுதியிருப்பதால் மறுக்கலாம். ஆனால் அந்த வரி கடைசியில், தொலைபேசி எண்ணுக்கும் கீழே கிடந்தால் ‘மேலும் பார்க்க’ என்பதை அழுத்தாதவர் கண்ணில் அது படாது. விளம்பரத்தில் யாரும் அதை அழுத்துவதில்லை. இதைச் சரிபார்ப்பவர் கேட்டால் உங்களிடம் பதில் இருக்காது. அதனால் மறுப்போடு திருத்தத்தையும் சேர்த்துச் செய்யச் சொல்கிறேன்.

முதலில் பதிவை இருந்தபடியே ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள், தேதி தெரிய வேண்டும். அதற்குப் பிறகு ஆண்டை முதல் வரிக்குக் கொண்டுவாருங்கள். ஒரு பதிவை எப்போது, எப்படி மாற்றினீர்கள் என்ற வரலாறு மற்றவர்களுக்கும் தெரியும். முதலில் மாற்றிவிட்டு ‘ஆரம்பத்திலிருந்தே முதல் வரியில் இருந்தது’ என்று சொன்னால் பிடிபடுவீர்கள்.

அப்புறம் கடிதம். கட்டுரை எந்தத் தளத்தில் இருக்கிறதோ, அதே தளத்தில் தொடர்பு கொள்வதற்கும் திருத்தங்களுக்கும் ஒரு பக்கம் இருக்கும். இந்த நிறுவனங்களுக்குச் சான்று கொடுக்கும் சர்வதேச உண்மைச் சரிபார்ப்பு வலையமைப்பின் விதிகளில் வெளிப்படையான திருத்தக் கொள்கையும் ஒன்று. சில பக்கங்களுக்கு பேஸ்புக் அறிவிப்பிலேயே முறையிடும் பொத்தானும் வரும், வந்தால் அதையும் பயன்படுத்துங்கள். கடிதத்தைச் சுருக்கமாக இப்படி எழுதலாம்:

‘எங்கள் பக்கத்தின் இந்தப் பதிவுக்கு (இணைப்பு) உங்கள் இந்தக் கட்டுரையின் (இணைப்பு) அடிப்படையில் தவறான தகவல் என்ற மதிப்பீடு வந்துள்ளது. கட்டுரை, படம் இந்த வருடத்தது என்ற கூற்றையே மறுக்கிறது. எங்கள் பதிவு அப்படிச் சொல்லவில்லை. கடைசி வரியில் 2018 மார்கழி என்று குறிப்பிட்டிருந்தோம் (திருத்துவதற்கு முன் எடுத்த ஸ்கிரீன்ஷாட் இணைப்பில்). வாசிப்பவர் தவறவிடக்கூடும் என்பதால் ஆண்டை இப்போது முதல் வரியில் சேர்த்து, திருத்தியதையும் குறிப்பிட்டுள்ளோம். எங்கள் பதிவை இந்த மதிப்பீட்டிலிருந்து நீக்கித் தருமாறு கேட்கிறோம்.’

இவ்வளவே போதும். கடையின் நற்பெயர், எத்தனை வருடப் பழக்கம், யார் பொறாமையில் முறையிட்டது என்பதெல்லாம் வேண்டாம். ஒரு வாரத்துக்குள் அனுப்பிவிடுங்கள். எளிய திருத்தத்துக்கு ஒரு வேலைநாளிலும், சிக்கலான மறுப்புக்குச் சில வேலைநாட்களிலும் பதில் தரும்படி மெட்டா அவர்களைக் கேட்டிருக்கிறது. கட்டாயம் இல்லை என்பதால் கொஞ்சம் தாமதமாகலாம். ஏற்றுக்கொண்டால் முத்திரை போகும், பரவல் குறைப்பும் நீங்கும், குற்றப்புள்ளியும் கழியும்.

பதில் வரும்வரை அந்தப் படத்தைப் புதிதாகப் போடாதீர்கள். கணினி மறுபடி பிடித்தால் இன்னொரு புள்ளி சேரும். ஒரு பதிவு மட்டும் மதிப்பிடப்பட்டால் அந்தப் பதிவைத்தான் குறைவாகக் காட்டுவார்கள், அதைத்தான் விளம்பரமாக ஓட விடமாட்டார்கள். பகிர முயல்பவருக்கு எச்சரிக்கை வரும், ஏற்கெனவே பகிர்ந்தவருக்கும் அறிவிப்புப் போகும். உங்கள் பக்கத்துக்கு வந்து பார்ப்பவருக்கு அது இன்னும் இருக்கும். புள்ளிகள் திரும்பத் திரும்பச் சேர்ந்தால்தான் பக்கம் முழுவதன் பரவலும் குறையும், எல்லா விளம்பரமும் நிற்கும். ஆகவே மற்றப் பதிவுகளையும் ஆட்கள் பார்ப்பது குறைந்திருந்தால் காரணம் வேறாக இருக்கலாம், அதற்கு இந்த முத்திரையைப் பழி சொல்லாதீர்கள்.

மறுப்பை ஏற்காவிட்டால் மெட்டாவிடம் போய் மாற்றச் சொல்ல முடியாது, அவர்கள் சரிபார்ப்பவரின் முடிவில் தலையிடுவதில்லை. முழு ஆதாரம் கையில் இருந்து, ஒரு பதிலும் தராமல் ஒதுக்கினால் சான்று கொடுக்கும் வலையமைப்பிடம் முறையிடலாம். அங்கே விதி மீறப்பட்டதா என்றுதான் பார்ப்பார்கள், உங்கள் படத்தின் ஆண்டை விசாரிக்க மாட்டார்கள். அந்த நிலை வந்தால் அந்தப் படத்தை விட்டுவிட்டு, உங்கள் கடையிலேயே நெல் மூட்டையைப் படங்கால் மூடி ஒரு படம் எடுத்து, அதற்குப் பூஸ்ட் போடுங்கள்.