அரிப்புக்கு ஒரு டாக்டர், வேர்வைக்கு நானே டாக்டர்

கேள்வி: ராத்திரி தூக்கத்துல வேர்த்து கொட்டுது, உடம்பெல்லாம் வேற அரிக்குது. ரெண்டுக்கும் சம்பந்தம் இருக்குமா? யாருக்காவது இப்படி வந்திருக்கா?

எனக்கு வந்துச்சு. அப்போ வயசு 27, வெளிநாட்டுல இன்ஜினியர் வேலை, தனி ரூம். முதல்ல அரிப்பு, முழங்காலுக்கு கீழ ஆரம்பிச்சு மெதுவா உடம்பு பூரா பரவிடுச்சு. தடிப்பு கிடிப்பு ஒண்ணும் கிடையாது, நான் சொறிஞ்ச நகக்கீறல் மட்டும்தான். சுடுதண்ணில குளிச்சா இன்னும் மோசம். குளிருக்கு தோல் வறண்டு போச்சுன்னு நினைச்சு சோப்ப மாத்தினேன், தோல் டாக்டர் அலர்ஜி மாத்திரை குடுத்தார், தூக்கம்தான் வந்துச்சு, அரிப்பு அப்படியேதான் இருந்துச்சு.

ரெண்டு மாசம் கழிச்சு வேர்வை. ராத்திரி மூணு மணிக்கு முழிப்பு வரும், பனியன புழிஞ்சா தண்ணி சொட்டும், பெட்ஷீட்ட மாத்தினாதான் மறுபடி படுக்க முடியும். ரூம் ஹீட்டர் மேல பழிய போட்டேன், அத ஆஃப் பண்ணியும் வேர்த்துச்சு. இத அந்த தோல் டாக்டர்கிட்ட சொல்லணும்னே தோணல, தோலுக்கும் இதுக்கும் என்னன்னு விட்டுட்டேன்.

அப்புறம் இருமலுக்காக வேற ஒரு டாக்டர்கிட்ட போனேன். அவங்கதான் வெயிட் பார்த்தாங்க, ஆறு மாசத்துல 74 கிலோ 66 ஆயிருந்துச்சு, அதுவரைக்கும் பெல்ட் லூஸாகுதேன்னு சந்தோஷப்பட்டுட்டு இருந்தேன் பாருங்க. காரை எலும்புக்கு மேல அழுத்தி பார்த்தா ரப்பர் மாதிரி ஒரு கட்டி, வலியே இல்ல. நெஞ்சு எக்ஸ்ரேல நடுப்பகுதி அகலமா தெரிஞ்சுது.

ஊசி போட்டு எடுத்த டெஸ்ட்ல கேன்சர் இல்லன்னு வந்துச்சு. அன்னைக்கு நிம்மதியா தூங்கினேன், ஆனா டாக்டர் விடல. அவங்க சந்தேகப்பட்டது ஹாட்ஜ்கின் லிம்ஃபோமா, அதாவது நிணநீர் சுரப்பில வர்ற ஒரு கேன்சர். அந்த கட்டில நிஜமான கேன்சர் செல் ரொம்ப கம்மியாம், மீதியெல்லாம் அத சுத்தி கூடி நிக்கிற சாதாரண எதிர்ப்பு செல்லுங்கதான், ஊசில அதுங்க மட்டும் மாட்டினா ரிப்போர்ட் நல்லதாதான் வரும்னாங்க. முழு கட்டியையும் வெட்டி எடுத்து பார்த்ததும்தான் உறுதியாச்சு, ஸ்டேஜ் 2பி. அந்த 'பி'ங்கிறது காய்ச்சல், ராத்திரி வேர்வை, எடை குறையறது இந்த மூணுல ஏதாவது இருந்தா போடறது. எனக்கு முதல்ல வந்த அரிப்புக்கு அதுல இடமே இல்ல, ஆனா இந்த வியாதிக்காரங்க நிறைய பேருக்கு அது இருக்கும்.

ரெண்டு வாரத்துக்கு ஒண்ணுன்னு 12 கீமோ. முதல் கீமோ முடிஞ்ச அந்த வாரமே அரிப்பு நின்னுடுச்சு. நாலு முடிஞ்சதும் எடுத்த பெட் ஸ்கேன் சுத்தமா வந்துச்சு.

உங்களுக்கும் இதேதான்னு சொல்ல வரல. தைராய்டு, டிபி, இன்னும் பல காரணம் இருக்கு. ரெண்டையும் ஒரே டாக்டர்கிட்ட ஒரே நாள்ல சொல்லுங்க, கழுத்து, அக்குள், தொடை இடுக்கு மூணையும் தொட்டு பார்க்க சொல்லுங்க. அரிப்புக்குன்னு ஸ்டீராய்டு மாத்திரைய மட்டும் நீங்களா வாங்கி போட்டுடாதீங்க, கட்டி தற்காலிகமா சுருங்கி பயாப்ஸியே குழம்பிடலாம்.