கோபுரத்தின் மேல் உட்காரும் கடிகாரம்

*சார், வேலூர் கோட்டை அகழி ஓரமாக நின்று எடுத்த படத்தை ஓவியம் மாதிரி மாற்றி வால்பேப்பராக வைத்தேன். லாக் ஸ்கிரீனில் கடிகாரம் சரியாகக் கோபுரத்தின் மேலேயே வந்து விழுகிறது. ஹோம் ஸ்கிரீனில் ஐகான் பெயர்கள் மதில் கற்களுக்குள் தொலைந்துபோகின்றன. கணினியில் படம் திருத்தும் கிம்ப் மென்பொருள் இருக்கிறது. எப்படிச் சரிசெய்வது?*
*— காட்பாடி வாசகர்*

முதலில் ஓவியத்தை ஒதுக்கி வையுங்கள். உங்கள் போனில் எந்த இடம் காலி என்று அளந்த பிறகுதான் படத்தைத் தொட வேண்டும். "மேலே கால் பாகம் விடு, கீழே கால் பாகம் விடு" என்று பொதுவாகச் சொல்லும் கணக்கு போனுக்குப் போன் மாறிவிடும்.

அளப்பதற்கு ஒரு சோதனைப் படம் போதும். உங்கள் போன் திரை 1080×2400 பிக்சல் என்று வைத்துக்கொள்வோம். கிம்பில் அதே அளவில் முழுக் கறுப்பாக ஒரு படம் திறந்து, ஓரத்தைச் சுற்றி மெல்லிய சிவப்புக் கோடு போடுங்கள். மேலிருந்து 200 பிக்சலுக்கு ஒரு குறுக்குக் கோடு இழுத்து, பக்கத்தில் 200, 400, 600 என்று எண் எழுதிவிடுங்கள். இதை வால்பேப்பராக வைத்து லாக் ஸ்கிரீனில் ஒன்று, ஹோம் ஸ்கிரீனில் ஒன்று என இரண்டு ஸ்கிரீன்ஷாட் எடுங்கள். கடிகாரம் எந்த எண்ணில் தொடங்கி எங்கே முடிகிறது, கைரேகைக் குறி எங்கே, கீழ்வரிசை ஐகான்கள் எங்கே என்று எல்லாம் அதிலேயே படித்துவிடலாம். சிவப்பு ஓரம் ஸ்கிரீன்ஷாட்டில் தெரியவில்லை என்றால் போன் படத்தைப் பெரிதாக்கி ஓரத்தை வெட்டுகிறது என்று அர்த்தம். சில போன்கள் பக்கம் தள்ளும்போது படத்தையும் சேர்த்து நகர்த்தும்; அதுவும் இங்கேயே தெரிந்துவிடும்.

என்னிடமும் அகழிக்கு இந்தப் பக்கம் நின்று எடுத்த படம் ஒன்று இருக்கிறது. கீழே தண்ணீர், நடுவில் மதில், அதற்குப் பின்னால் ஜலகண்டேஸ்வரர் கோயில் கோபுரத்தின் மேல்நிலைகள். அதை வைத்தே சொல்கிறேன். என் போனில் தேதியும் கடிகாரமும் 250 முதல் 720 வரை. கீழே 2050க்கு மேல் கைரேகையும் ஐகான் வரிசையும் வந்துவிடுகின்றன. ஆக, கோபுரமும் மதிலும் 750க்கும் 2000க்கும் நடுவில் அடங்க வேண்டும்.

என் படம் நெட்டுவாக்கில் 3000×4000. அதில் கோபுரக் கலசம் மேலிருந்து 800ஆவது பிக்சலில் இருக்கிறது. இதை அப்படியே வால்பேப்பராக வைத்தால், திரையின் உயரம் நிரம்பும்படி போன் அதை 0.6 மடங்காகச் சுருக்கும். கலசம் 480க்கு வரும், அதாவது கடிகாரத்தின் நட்டநடுவே. உங்களுக்கு நடந்ததும் இதுதான். கோபுரத்தைக் கீழே இறக்கப் படத்தை இன்னும் கொஞ்சம் சிறிதாக்க வேண்டும். 1080×2400 அளவில் புதுப்படம் திறந்து, `File > Open as Layers` மூலம் போட்டோவைக் கொண்டுவந்து, அந்த லேயரைப் பாதியாக, 1500×2000 ஆக்குங்கள். அடியோடு ஒட்டி வையுங்கள். மேலே 400 பிக்சல் காலி விழும். கலசம் 400ம் 400ம் சேர்ந்து 800இல் நிற்கும். இன்னொரு லாபமும் உண்டு. முன்பு 3000இல் 1800 பிக்சல் அகலம்தான் திரைக்கு வந்தது, இப்போது 2160 வருகிறது. மதில் நீளமாகத் தெரியும், கோட்டை கோட்டையாகத் தெரியும்.

மேலே காலியான இடத்துக்கு வானம் வேண்டும். அதற்கு முன்னால் `Filters > Blur > Median Blur` கொடுத்துவிடுங்கள், ஆரம் 5 அல்லது 6. கோபுரத்துச் சுதைச் சிற்பங்களின் பிசிறு விளிம்பு இதில் வழுவழுப்பாகும். அப்புறம் `Fuzzy Select` வைத்து வானத்தைத் தேர்ந்தெடுத்து அழிப்பது சுலபம். லேயருக்கு `Add Alpha Channel` கொடுத்திருந்தால்தான் அழித்த இடம் ஊடுருவித் தெரியும். அடியில் இன்னொரு லேயர் வைத்து, மேலே கருநீலம், கீழே மங்கின செம்மஞ்சள் என்று சாயல் ஓட்டுங்கள். நம்மூர் மத்தியான வானம் வெளுத்துப்போய்க் கிடக்கும், அதன் மேல் வெள்ளைக் கடிகாரம் நிற்கவே நிற்காது; எனவே வானத்தை மாற்றுவதில் கூச்சம் வேண்டாம். வானத்துக்குக் குறுக்கே மரக்கிளை இருந்தால் மட்டும் இலைகளைச் சுற்றி வெள்ளை ஓரம் மிஞ்சும். அதைத் தூரிகையால் கையில்தான் பூச வேண்டும், வேறு வழியில்லை.

ஓவியத் தோற்றத்துக்கு `Colors > Posterize`, 5 நிலை. இதைப் போட்டோ லேயருக்கு மட்டும் கொடுங்கள். வானத்துக்கும் சேர்த்துக் கொடுத்தால் சாயல் பட்டை பட்டையாகப் பிரிந்து, கடிகார எண்களுக்குக் குறுக்கே கோடு ஓடும். அளவைச் சுருக்கிய பிறகே இந்த வேலைகளைச் செய்வதற்கும் காரணம் உண்டு. 4000 பிக்சல் படத்தில் அழகாக விழுந்த வண்ணத் திட்டுகள், சுருக்கியதும் வெறும் புள்ளிகளாகிவிடும்.

இனி ஐகான் பெயர்கள். மதில் கற்களின் இடுக்குக் கோடுகள் திரையில் நாலைந்து பிக்சல் தடிமன். ஐகான் பெயரின் எழுத்துக்கோடும் கிட்டத்தட்ட அதே தடிமன். கண்ணுக்கு எது எழுத்து, எது கல் என்று பிரித்துப் பார்க்க முடியாது, அதுதான் "தொலைந்துபோகிறது". இங்கே வெறுமனே இருட்டாக்கினால் போதாது, கோடுகளும் போக வேண்டும். ஹோம் ஸ்கிரீனுக்குத் தனியாக ஒரு நகல் எடுத்து, அதில் மதிலுக்கு மீண்டும் `Median Blur`, இந்த முறை ஆரம் 15. பிறகு எல்லா லேயரையும் ஒன்றாக்கிவிட்டு, `Colors > Curves` திறந்து வலது மேல்முனையை 255இலிருந்து 110க்கு இறக்குங்கள். வெள்ளை எழுத்துக்கும் பின்னணிக்கும் ஒளிவேறுபாடு குறைந்தது 4.5க்கு 1 இருக்க வேண்டும் என்பது இணைய அணுகல் வழிகாட்டிகள் சொல்லும் அளவு. 110க்கு மேல் போகாத பின்னணியில் அது 5ஐத் தாண்டிவிடும். லாக் ஸ்கிரீனுக்கு இந்த இருட்டு தேவையில்லை, அங்கே படம் பளிச்சென்றே இருக்கட்டும்.

ஒவ்வொரு மாற்றத்துக்கும் போனில் ஏற்றிப் பார்க்க வேண்டியதில்லை. முதலில் எடுத்த ஸ்கிரீன்ஷாட்டை மேல் லேயராக வைத்து, அந்த லேயரின் `Mode` என்பதை `Screen` ஆக்குங்கள். கறுப்பு மறைந்து, கடிகாரமும் ஐகான்களும், கூடவே சோதனைக் கோடுகளும் எண்களும், உங்கள் ஓவியத்தின் மேல் நிற்கும். கடிகாரத்தின் நிறம் மட்டும் போனில் வேறாக வரலாம், ஏனென்றால் ஆண்ட்ராய்டு 12 முதல் பல போன்கள் அந்த நிறத்தை வால்பேப்பரிலிருந்தே எடுத்துக்கொள்கின்றன.

முடிந்ததும் அந்த ஸ்கிரீன்ஷாட் லேயரை மறைத்துவிட்டு PNG ஆக ஏற்றுமதி செய்யுங்கள். JPG என்றால் தட்டையான வண்ணங்களின் விளிம்பில் அழுக்கு மாதிரி படியும். போனுக்கு மாற்ற கேபிள் நல்லது. வாட்ஸ்அப்தான் வழி என்றால் போட்டோவாக அனுப்பாமல் டாக்குமென்ட்டாக அனுப்புங்கள். நான் ஒருமுறை அவசரத்தில் போட்டோவாக அனுப்பிவிட்டு, வானத்தில் ஏன் கட்டம் கட்டமாகத் தெரிகிறது என்று கிம்பில் அரைமணி நேரம் தேடிக்கொண்டிருந்தேன்.